பன்னிரண்டு மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? மகப்பேறு காப்புறுதி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஐந்து ஆண்டுகளாக மெடிக்கல் கார்டு வைத்திருக்கிறேன். பினாங்கில் தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்த்தால் செலவை ஏற்றுக்கொள்வார்களா? (ஜெலுத்தோங் வாசகி)

பெரும்பாலும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். இங்கே விற்கப்படும் சாதாரண மெடிக்கல் கார்டுகளின் விலக்குப் பட்டியலில் கர்ப்பம், பிரசவம், சிசேரியன் ஆகியவை வழக்கமாக இடம்பெற்றிருக்கும். எத்தனை ஆண்டு சந்தா கட்டினாலும் அது மாறாது. பிரசவச் செலவை ஏற்பவை, மகப்பேறு சலுகை சேர்க்கப்பட்ட நிறுவனக் குழுக் காப்புறுதியும், பன்னாட்டு மருத்துவக் காப்புறுதியின் உயர்நிலைத் திட்டங்களுமே. கர்ப்பமான பின் சேரக்கூடிய திட்டம் என்று முகவர்கள் சொல்வது வேறு வகை. பட்டியலிட்ட சிக்கல்கள் தாய்க்கு ஏற்பட்டாலோ, பட்டியலிட்ட பிறவிக் குறைபாடு குழந்தைக்கு இருந்தாலோ அது ஒரு தொகையைத் தரும். சிக்கலில்லாத பிரசவத்தின் பில்லைக் கட்டாது.

மகப்பேறு சலுகைக்குப் பன்னிரண்டு மாதக் காத்திருப்பு என்கிறார்கள். ஏன் இவ்வளவு நீளம்? எதிலிருந்து எண்ணுவது? (பாயான் லெப்பாஸ் வாசகர்)

நீளத்துக்குக் காரணம் எளிது. பிரசவம் முன்கூட்டியே தெரிகிற செலவு. காத்திருப்பு இல்லையென்றால் கர்ப்பம் உறுதியான மறுநாளே பாலிசி எடுத்து, குழந்தை பிறந்ததும் நிறுத்திவிடலாம். ஒரு கர்ப்பகாலத்தை விட நீளமாகக் காத்திருப்பை வைப்பது அதனால்தான்.

எண்ணும் முறையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கணக்கு, விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்து அல்ல, பாலிசி நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து தொடங்கும். அடுத்து, காத்திருப்பு முடிந்த பின் நடக்க வேண்டியது பிரசவமா, கருத்தரிப்பா என்பதைப் பாலிசி வாசகத்தில் பாருங்கள். உங்கள் பாலிசி 2025 மார்ச் 1-இல் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். காத்திருப்பு 2026 பிப்ரவரி 28-இல் முடிகிறது. மருத்துவர் குறித்த பிரசவ நாள் மார்ச் 14. பிரசவ நாளைக் கணக்கில் எடுக்கும் பாலிசியில் சலுகை கிடைத்துவிடும் என்றே தோன்றும். ஆனால் குழந்தை 36-ஆவது வாரத்தில், அதாவது பிப்ரவரி 14-இல் பிறந்துவிட்டால், அது காத்திருப்புக்குள் விழுந்துவிடும்; பில் முழுவதும் உங்கள் கையிலிருந்துதான். குறைமாதப் பிரசவம் எவருடைய திட்டத்திலும் இருப்பதில்லை என்பதால், இரண்டு வார இடைவெளியை நம்பி இருக்காதீர்கள். கருத்தரிப்பைக் கணக்கில் எடுக்கும் பாலிசியிலோ நிலைமை இன்னும் கடுமை. மார்ச் 14-க்கு நாள் குறித்த குழந்தை முந்தைய ஆண்டு ஜூன் பிற்பகுதியிலேயே கருவாகியிருக்கும். ஆகவே எந்த நாளில் பிறந்தாலும் சலுகை இல்லை. மார்ச் 1-இல் கருத்தரித்தால்கூட, காப்பு பெறும் பிரசவம் நவம்பர் பிற்பகுதியில்தான் வரும்.

காத்திருப்புக் காலத்துக்குள் செய்த ஸ்கேன், மாதாந்திரப் பரிசோதனைகளின் ரசீதுகளைப் பின்னர் சேர்த்து அனுப்பியும் பயனில்லை. சந்தா தவறிப் பாலிசி காலாவதியாகி, மறுபடியும் உயிர்ப்பித்தால், வழக்கமாகக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

“முதல் நாளிலிருந்தே குழந்தைக்குக் காப்பு” என்கிறது விளம்பரம். எதெல்லாம் அதில் வரும்? (பட்டர்வொர்த் வாசகி)

இந்த வாக்கியத்தில் இரண்டு வெவ்வேறு சலுகைகள் கலந்து கிடக்கின்றன. முதலாவது, தாயின் மகப்பேறு சலுகைக்குள் வரும் வழக்கமான பராமரிப்பு: குழந்தைகள் பிரிவுக் கட்டணம், குழந்தை நல மருத்துவரின் முதல் பரிசோதனை, பல திட்டங்களில் பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி., ஹெபடைடிஸ் பி தடுப்பூசிகள். இவை தாயின் வரம்பிலிருந்தே கழியும். தாய் காத்திருப்பை முடிக்காவிட்டால் இவையும் இல்லை.

இரண்டாவது, குழந்தைக்கு வரும் நோய். மஞ்சள்காமாலைக்கு ஒளிச் சிகிச்சை, மூச்சுத் திணறல், தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்குபேட்டர் போன்றவை இதில் சேரும். பெரிய பில் வருவது இங்கேதான். இதற்குக் குழந்தையின் பெயரைப் பாலிசியில் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் பிறந்த 30 நாளுக்குள் என்று கெடு வைத்திருப்பார்கள். தாயோ தந்தையோ தேவையான காலம் காப்பில் இருந்திருந்தால், பல திட்டங்கள் குழந்தையின் உடல்நிலையைக் கேட்காமல் பிறந்த நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளும். கெடு கடந்தால் புதிய விண்ணப்பம்தான். அப்போது ஏற்கெனவே கண்டறிந்த இதயத் துளை முன்பே இருந்த நோயாகிவிடும். பிறவிக் குறைபாடுகளுக்குத் தனி வரம்பு உண்டா, செயற்கைக் கருத்தரிப்பில் பிறந்தவர்களுக்கும் இரட்டையருக்கும் தனி விதி உண்டா என்றும் எழுத்து மூலம் கேளுங்கள்.

தனியாக மெடிக்கல் கார்டு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்குள்ள பல கார்டுகள் குழந்தைக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஆன பிறகே விண்ணப்பத்தை ஏற்கின்றன. மஞ்சள்காமாலையோ பிறந்த முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது.

கணவரின் நிறுவனக் காப்பில் மகப்பேறு உண்டு. அவர் ஜனவரியில் வேலை மாறுகிறார். எனக்கு ஏப்ரலில் பிரசவம். (ஆயர் ஈத்தாம் வாசகி)

குழுக் காப்பு வழக்கமாக அவருடைய கடைசி வேலை நாளோடு நின்றுவிடும். அங்கே முடித்த காத்திருப்பு புதிய நிறுவனத்துக்குத் தானாகத் தொடர்ந்து வராது. சில நிறுவனங்கள் காத்திருப்பைத் தள்ளுபடி செய்கின்றன, சில மனைவியைச் சேர்ப்பதே இல்லை. ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே, புதிய நிறுவனத்தின் மனிதவளத் துறையிடம் சலுகை அட்டவணையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அதில் மகப்பேறு வரிக்கு எதிரே எத்தனை ரிங்கிட் என்பதோடு, மனைவிக்கும் அது பொருந்துமா, எந்த நாளிலிருந்து என்பதையும் மின்னஞ்சலில் உறுதிப்படுத்திக்கொள்ளட்டும்.