டொமைன் காலாவதியாகிவிட்டது, பதிவு வேறொருவர் பெயரில்: இப்போது என்ன செய்யலாம்?

"வெள்ளவத்தையில் சேலைக் கடை வைத்திருக்கிறேன். ஏழு வருடத்துக்கு முன் ஒரு தம்பி எங்களுக்கு வெப்சைட் செய்து .com டொமைனும் எடுத்துத் தந்தார். வருடா வருடம் அவருக்குத்தான் காசு கட்டினேன். இப்போது அவர் கனடாவில், போன் எடுப்பதில்லை. ஜூன் 2-க்குப் பிறகு சைட்டைத் திறந்தால் ஏதோ விளம்பரப் பக்கம் வருகிறது, கடை ஈமெயிலும் வேலை செய்யவில்லை. தேடிப் பார்த்தால் காலாவதித் திகதி அடுத்த வருடம் ஜூன் 2 என்று காட்டுகிறது. உரிமையாளர் பெயரை மறைத்து, டிரான்ஸ்ஃபர் லாக்கும் போட்டிருக்கிறார். புதுப்பித்துவிட்டு வேண்டுமென்றே பிடித்து வைத்திருக்கிறாரா? வழக்குப் போடலாமா?"

வழக்கைப் பற்றிப் பிறகு பேசுவோம். நீங்கள் எழுதியது ஜூன் 24. பெயர் காலாவதியாகி 22 நாள் போய்விட்டது. இந்த விஷயத்தில் நீதிமன்றத்தை விட நாட்காட்டிதான் முக்கியம், ஆகவே அதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள்.

அவர் புதுப்பித்துவிட்டார் என்று நீங்கள் நினைப்பதற்குக் காரணம் அந்த அடுத்த வருடத் திகதி. அதை நம்ப வேண்டாம். .com பெயர்களின் மூலப் பதிவேட்டை வைத்திருப்பது வெரிசைன் என்ற ரெஜிஸ்ட்ரி. பெயர் காலாவதியாகும் அன்றே, யாரும் காசு கட்டினார்களோ இல்லையோ, அந்தப் பதிவேட்டில் தானாகவே ஒரு வருடம் கூடிவிடும். பிறகு 45 நாள் அவகாசம். அதற்குள் உங்கள் ரெஜிஸ்ட்ரார், அதாவது அந்தத் தம்பி எந்தக் கம்பெனியிடம் டொமைனை வாங்கினாரோ அந்தக் கம்பெனி, பெயரை அழித்தால் கூடிய வருடம் கழிந்துவிடும். ஆகவே நீங்கள் பார்த்தது ரெஜிஸ்ட்ரியின் திகதி, காசு கட்டியதற்கான அடையாளம் இல்லை. lookup.icann.org போய் உங்கள் பெயரைப் போட்டுப் பாருங்கள். இதுபோன்ற இரண்டு வரிகள் வெவ்வேறு திகதி காட்டினால் இரண்டாவதில் இருப்பதுதான் உண்மை நிலை:

```
Registry Expiry Date
Registrar Registration Expiration Date
```

இரண்டாவது வரி இந்த வருட ஜூன் 2-இலேயே நின்றால் யாரும் காசு கட்டவில்லை. சில இடங்களில் autoRenewPeriod என்ற நிலையும் சேர்ந்து வரும். அந்த விளம்பரப் பக்கமும் இதையேதான் சொல்கிறது. காலாவதியான பெயரை, இன்னமும் புதுப்பிக்கக் கூடிய காலத்தின் கடைசி 8 நாளாவது வேலை செய்யாமல் நிறுத்த வேண்டும் என்பது, டொமைன் பெயர்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் ஐகான் என்ற அமைப்பின் விதி, உரிமையாளர் கவனிக்கட்டும் என்பதற்காகவே அப்படி. பல ரெஜிஸ்ட்ரார்கள் காலாவதியான சில நாளிலேயே நிறுத்திவிடுவார்கள். அப்போது ஈமெயிலும் சேர்ந்து நின்றுவிடும், ஏனென்றால் அதுவும் இதே பெயரில்தான் ஓடுகிறது.

இனி உங்கள் திகதிகள். ஜூன் 2-இலிருந்து 45 நாள் என்றால் ஜூலை 17. அதுவரை பழைய பதிவாளர், அதாவது பெயரைத் தன் பேரில் பதிந்து வைத்திருக்கும் தம்பி, சாதாரண விலையில், அல்லது சிறிய தாமதக் கட்டணத்துடன் புதுப்பிக்கலாம். அதற்குள் ரெஜிஸ்ட்ரார் பெயரை அழித்தால் 30 நாள் மீட்புக் காலம் தொடங்கும். அழித்தது ஜூலை 17-இல் என்றால் அது ஆகஸ்ட் 16 வரை. அந்த நாட்களில் மீட்க முடியும், ஆனால் புதுப்பிப்புக் காசுக்கு மேலே மீட்புக் கட்டணமும் வரும், பல இடங்களில் அது 100 டொலரை ஒட்டி இருக்கும். அதற்குப் பிறகு 5 நாள் pendingDelete என்ற நிலை. அந்த ஐந்து நாளில் யாராலும் எதுவும் செய்ய முடியாது. ஆகஸ்ட் 21 அளவில் பெயர் விடுபடும், விடுபட்ட நொடியே பிடிப்பதற்கென்று மென்பொருள் வைத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் ஆகஸ்ட் வரை நேரம் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். 45 நாளும் தர வேண்டும் என்று ரெஜிஸ்ட்ராருக்குக் கட்டாயம் இல்லை. அதை விட மோசமானது ஒன்று உண்டு: அந்த 45 நாளுக்குள்ளேயே பெயரை ஏலத்தில் விற்க பல ரெஜிஸ்ட்ரார்களின் ஒப்பந்தம் இடம் தருகிறது. அப்படி விற்றால் பெயர் அழிக்கப்படுவதே இல்லை, ஆகவே 30 நாள் மீட்புக் காலமும் வராது. ஏழு வருடம் நடந்த கடைப் பெயர் ஏலத்தில் நல்ல விலைக்குப் போகும். அதனால் நான் உங்களுக்கு வைக்கும் தவணை இந்த வாரம்தான், ஜூலை 17 இல்லை.

இப்போது லாக். அதைப் பற்றி நீங்கள் அவரிடம் கோபப்பட வேண்டியதில்லை. clientTransferProhibited என்பது கிட்டத்தட்ட எல்லா ரெஜிஸ்ட்ராரும் எல்லாப் பெயருக்கும் வழமையாகப் போட்டு வைக்கும் பூட்டு, யாராவது கணக்குக்குள் நுழைந்து பெயரை வேறு கம்பெனிக்குக் கடத்திவிடாமல் இருப்பதற்காக. பதிவாளர் கேட்டால் 5 நாளுக்குள் ரெஜிஸ்ட்ரார் அதை எடுத்துவிட வேண்டும், டிரான்ஸ்ஃபர் குறியீட்டையும் அதே 5 நாளுக்குள் கொடுக்க வேண்டும், அல்லது கணக்குக்குள்ளேயே அவராகச் செய்துகொள்ள வசதி வைத்திருக்க வேண்டும். இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'பதிவாளர்'. நீங்கள் கேட்டால் தரமாட்டார்கள். ரெஜிஸ்ட்ராருக்கு நீங்கள் யார் என்றே தெரியாது, காசு உங்கள் பையிலிருந்து போனது என்பதும் அவர்களுக்குக் கணக்கில்லை.

பெயர் மறைப்பு விஷயம் கொஞ்சம் வேறு. 2018 மே மாதம் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததிலிருந்து பதிவாளரின் பெயர், முகவரியைப் பொதுவில் காட்டாமல் விடுவது வழமையாகிவிட்டது. REDACTED என்று மட்டும் வந்தால் அவர் எதையும் ஒளிக்கவில்லை. ஆனால் பதிவாளர் என்ற இடத்தில் ஒரு பிரைவசி கம்பெனியின் பெயர் நின்றால் கவனியுங்கள். அது ப்ராக்சி சேவையாக இருந்தால் பதிவேட்டின்படி பதிவாளரே அந்தக் கம்பெனிதான், தம்பி அதன் வாடிக்கையாளர், நீங்கள் அவருடைய வாடிக்கையாளர். உங்களுக்கும் பெயருக்கும் நடுவில் இரண்டு பேர். இன்னொன்று, பிரைவசியைத் தனிக் கட்டணத்துக்கு எடுத்திருந்து அது காலாவதியானால், ஒன்றில் அவருடைய வீட்டு முகவரி வெளியே வரும், அல்லது ரெஜிஸ்ட்ராரின் கடிதங்களை அவருக்குக் கடத்திவிடும் இடைமுகவரி நின்றுவிடும்.

நினைவூட்டல் கடிதம் ஏன் யாருக்கும் கிடைக்கவில்லை என்றும் யோசித்துப் பாருங்கள். காலாவதிக்கு ஒரு மாதத்துக்கு முன்னும் ஒரு வாரத்துக்கு முன்னும், காலாவதியான 5 நாளுக்குள் இன்னொரு தடவையும் ரெஜிஸ்ட்ரார் அறிவிக்க வேண்டும். அவை அவருடைய பழைய ஈமெயிலுக்குப் போயிருக்கும். கடையின் சொந்த ஈமெயிலைக் கொடுத்திருந்தால் இன்னும் கஷ்டம், பெயர் நின்ற அன்றே அந்த முகவரியும் நின்றிருக்கும், மூன்றாவது கடிதம் போய்ச் சேர்ந்திருக்காது.

சரி, செய்ய வேண்டியதுக்கு வருவோம். ரெஜிஸ்ட்ரார் யார் என்பது தேடலில் மறைக்கப்படாது, தெளிவாக இருக்கும். இன்றே அவர்களுக்கு எழுதி, கணக்குக்குள் நுழையாமல் மூன்றாம் ஆள் புதுப்பிப்புக் காசு மட்டும் கட்ட முடியுமா என்று கேளுங்கள். சில ரெஜிஸ்ட்ரார்கள் விடுவார்கள். கட்டினால் பெயர் உங்களுடையதாகாது, தம்பியின் பெயரிலேயே ஒரு வருடம் கூடும், ஆனால் ஏலத்துக்குப் போகாது. இப்போதைக்கு உங்களுக்குத் தேவை அதுதான். அதே நேரம் தம்பிக்கு வாட்ஸ்அப், ஈமெயில் இரண்டிலும் எழுதுங்கள், கொழும்பில் அவர் வீட்டார் இருந்தால் நேரே போய்க் கதையுங்கள். திட்டி எழுத வேண்டாம். என் அனுபவத்தில் இப்படிப்பட்டவர்களில் அநேகர் கெட்டவர்கள் இல்லை, வெளிநாடு போய் பழைய வாடிக்கையாளர்களை மறந்தவர்கள். கேட்க வேண்டியதை மட்டும் கேளுங்கள்: இன்றே புதுப்பிக்கவும், பிறகு அதே ரெஜிஸ்ட்ராரில் நான் திறக்கும் கணக்குக்கு பெயரை மாற்றிவிடவும்.

வேறு கம்பெனிக்கு மாற்றச் சொல்லாமல் அதே ரெஜிஸ்ட்ராருக்குள் மாற்றச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளே கணக்கு மாற்றுவது சில நிமிட வேலை. கம்பெனி விட்டு கம்பெனி மாற 5 நாள் வரை எடுக்கும், மீட்புக் காலத்துக்குள் போய்விட்டால் அது நடக்கவே நடக்காது. காலாவதிக்குப் பின் 45 நாளுக்குள் புதுப்பித்து உடனே மாற்றினால் பழைய இடத்தில் கட்டிய வருடம் வீணாகவும் போகலாம். பதிவாளர் பெயரை உங்கள் பெயருக்கு மாற்றினால் 60 நாள் டிரான்ஸ்ஃபர் தடை விழும், மாற்றுவதற்கு முன்பே அதை விலக்கிக்கொள்ள சில ரெஜிஸ்ட்ரார்கள் வாய்ப்புத் தருவார்கள். அதனால் முதலில் அங்கேயே உங்கள் பெயருக்கு மாறட்டும், வேறிடம் போக விரும்பினால் 60 நாள் கழித்துப் போங்கள். கணக்கைத் திறக்கும்போது இந்த டொமைனில் இல்லாத ஓர் ஈமெயிலைக் கொடுங்கள்.

பதில் வராவிட்டால் என்னைப் போன்ற ஒரு சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்பலாம். உங்கள் பில்களில் 'டொமைன் புதுப்பிப்பு' என்று எழுதியிருந்தால் அது உங்கள் பலம், அவர் உங்களுக்காக, உங்கள் காசில் பெயரை வைத்திருந்தார் என்று அது காட்டும். வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள், 2006-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அவற்றுக்கு இடம் தருகிறது. பொலிசுக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை, யாரும் உங்கள் கணக்கை உடைக்கவில்லை, இது சிவில் விஷயம்.

பெயர் ஏற்கெனவே அந்நியர் கைக்குப் போயிருந்தால்தான் ஐகானின் யுடிஆர்பி என்ற டொமைன் தகராறு நடைமுறை. வைப்போ என்ற உலக அறிவுசார் சொத்து அமைப்பில் முறையிட ஒரு நடுவருக்குக் கட்டணம் 1500 டொலர், பொதுவாக இரண்டு மாத அளவில் முடிவு வரும். பெயர் உங்கள் வர்த்தகக் குறியோடு குழப்பம் தருகிறது, அவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார் என்ற மூன்றையும் நீங்கள் நிறுவ வேண்டும். குறி பதியப்படாதிருந்தாலும் நீண்ட காலப் பாவனையைக் காட்டி வாதாடலாம். ஆனால் கடைப் பெயர் லக்ஷ்மி, முருகன் போன்ற பொதுப் பெயர் என்றால் உங்களுக்குக் கஷ்டம், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு எதிராக யுடிஆர்பி போவதும் பெரும்பாலும் பலிக்காது, அது இருவருக்கிடையிலான ஒப்பந்தத் தகராறு என்று நடுவர் தள்ளிவிடக் கூடும். அதற்கு இங்குள்ள நீதிமன்றம்தான் வழி. எழுத்து ஒப்பந்தமானால் 6 வருடம், வாய்ப்பேச்சானால் 3 வருடம் காலவரையறை உண்டு, நேரம் அதில் இருக்கிறது, டொமைனில்தான் இல்லை.

கடைசியாக, இன்று மாலைக்குள் ஒரு வேலை. வங்கி, பேஸ்புக் பக்கம், கார்ட் மெஷின் கம்பெனி, சப்ளையர் கணக்கு என்று கடை ஈமெயிலைக் கொடுத்த எல்லா இடத்திலும் வேறு முகவரியை மாற்றுங்கள். பெயர் வேறொருவர் கையில் விழுந்தால் அவர் அதே முகவரியைத் திறந்து, உங்கள் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் கடிதங்களைத் தானே வாங்கிக்கொள்ளலாம்.