அம்மாவுக்கு அவசர விசா: மருத்துவமனைக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

கேள்வி: தம்பி அமெரிக்காவில் ஐசியுவில் இருக்கிறான். மும்பையில் இருக்கும் அம்மாவுக்கு விசிட் விசா நேர்காணல் தேதி பல மாதம் தள்ளித்தான் கிடைக்கிறது. தூதரகத்திடம் சீக்கிரம் கேட்பது எப்படி?

பதில்: தூதரகத்துக்குத் தனியாகக் கடிதம் எழுதிப் பயனில்லை. விசா விண்ணப்பமான DS-160 படிவத்தை முடித்து, 185 டாலர் கட்டணம் கட்டி, எவ்வளவு தள்ளி இருந்தாலும் கிடைக்கிற தேதியை முதலில் பதிவு செய்யுங்கள். அதன்பின் தேதி பதிவு செய்த அதே இணையக் கணக்கிலேயே அவசரத் தேதி கோரலாம். மறுத்தாலும் பழைய தேதி அப்படியே இருக்கும். அதனால் அதை ரத்து செய்யாதீர்கள்.

கோரிக்கை நிற்பதும் விழுவதும் மருத்துவமனைக் கடிதத்தில்தான். செம்பூரில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு இதே நிலை வந்தது. டெக்சாஸில் அண்ணனுக்குப் பக்கவாதம், வென்டிலேட்டரில் நினைவில்லாமல் கிடந்தார். அங்கே நோயாளியின் சம்மதம் இல்லாமல் மருத்துவமனை எளிதில் விவரம் தராது. நாங்கள் இங்கிருந்து எத்தனை முறை போன் செய்தும் பேச்சே எடுபடவில்லை. அவருக்காக முடிவெடுக்கும் உரிமை அண்ணிக்கு இருந்ததால், அவர் நேரில் போய் வார்டின் சமூகப் பணியாளரிடம் கேட்டார். இந்த மாதிரிக் கடிதங்களுக்கு டாக்டரைத் துரத்துவதைவிட அவரைப் பிடிப்பதுதான் சரியான வழி.

முதலில் வந்த கடிதத்தில் ‘சிகிச்சையில் இருக்கிறார்’ என்று மட்டும் இருந்தது. ஜுரத்துக்கு அட்மிட் ஆனவருக்கும் அதையே எழுதலாமே! அண்ணி திரும்பப் போய் மாற்றி வாங்கினார். என்ன நோய், உயிருக்கு ஆபத்தான நிலை, இன்னார் அவருடைய தாய், அவர் உடனே வருவது அவசியம் என்பவை மருத்துவமனை லெட்டர்ஹெட்டில், டாக்டர் பெயர், போன் நம்பர், கையெழுத்துடன் ஒரே பக்கத்தில் வந்தன. முழு மெடிக்கல் ரெக்கார்டையும் அனுப்ப வேண்டாம். பக்கம் பக்கமாகப் புரட்ட யாருக்கும் நேரமில்லை. தாய்-மகன் உறவைக் காட்டத் தம்பியின் பிறப்புச் சான்றிதழ் நகலைத் தயாராக வைத்திருங்கள்.

தம்பி குடும்பம் இருக்கும் தொகுதியின் அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினர் அலுவலகத்தையும் அவர்கள் அணுகலாம். சம்மதப் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தூதரகத்தில் விசாரிப்பார்கள். கோப்பு கண்ணில் படும், அவ்வளவுதான், முடிவு தூதரகத்துடையது.

அனுமதி வந்தால் மின்னஞ்சல் வரும். மறுபடி அந்தக் கணக்குக்குள் போய்ப் புதுத் தேதியை நீங்களேதான் எடுக்க வேண்டும். கைரேகைக்கும் நேர்காணலுக்கும் தனித்தனி நேரம்.

அவசரத் தேதி கிடைத்தால் விசாவும் கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வழக்கமான 214(b) சோதனை அப்போதும் உண்டு: அம்மா திரும்பி வருவாரா என்பதே கேள்வி. அப்பா, வீடு, பென்ஷன் என்று இங்கே அவரை இழுத்து வைப்பது என்ன என்பதை அம்மாவே இரண்டு வரியில் சொல்லட்டும். தமிழில் பேசுவதுதான் அவருக்குச் சுலபம் என்றால், நேர்காணல் மொழியைப் பதிவின்போதே பார்த்துவிடுங்கள். விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட் எடுக்க வேண்டாம்.