கூப்பன் அட்டவணைப் படத்திலிருந்து வட்டி வரும் நாட்களையும் தொகைகளையும் எழுதிக்கொள்வது எப்படி?

கேள்வி: கடந்த 2026 ஜனவரி 9-ஆம் தேதி, ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பத்திரங்கள் மூன்றை இணையவழித் தரகர் மூலம் வாங்கினேன். ஒவ்வொன்றின் முகமதிப்பு ஒரு லட்சம் ரூபாய், வட்டி ஆண்டுக்கு 9.60 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் என்றார்கள். கூப்பன் அட்டவணையைக் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் மங்கலான ஒரு படத்தை அனுப்பினார்கள், இணைத்துள்ளேன். எனக்கு ஓய்வூதியம் கிடையாது. எந்தத் தேதியில் எவ்வளவு கையில் வரும் என்று நாட்காட்டியில் குறித்துக்கொள்ள விரும்புகிறேன். இந்தப் படத்தை எப்படிப் படிப்பது?
— வாசகர், கும்பகோணம்

பதில்: தங்கள் படத்தில் எட்டு வரிசைகள் உள்ளன. ஒவ்வொரு வரிசையிலும் நான்கு தேதிகள் இருப்பதுதான் குழப்பத்தின் தொடக்கம். முதல் இரண்டும் வட்டி கணக்கிடப்படும் காலத்தின் ஆரம்பமும் முடிவும். முதல் வரிசையில் அவை 19-11-2025, 18-02-2026. பலர் இந்த முடிவுத் தேதியையே வட்டி வரும் நாள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது அந்தக் காலத்தின் கடைசி நாள் மட்டுமே. மூன்றாவது தேதியான 19-02-2026 வட்டி தரவேண்டிய உரிய நாள். நான்காவதான 20-02-2026 பணம் உண்மையில் அனுப்பப்படும் நாள். நாட்காட்டியில் எழுதவேண்டியது நான்காவது தேதி. கணக்குப் போடுவதற்கு வேண்டியது மூன்றாவது.

உரிய நாளுக்கும் அனுப்பும் நாளுக்கும் ஒரு நாள் வித்தியாசம் வந்ததற்குக் காரணம் மும்பையில் இருக்கிறது. இந்தியாவில் இத்தகைய பத்திரங்களின் வட்டியும் அசலும், செபியின் விதிப்படி, மும்பையில் பணச்சந்தை இயங்கும் நாளில்தான் தரப்படும். பிப்ரவரி 19 சத்ரபதி சிவாஜி ஜெயந்தி. மகாராஷ்டிரத்தில் வங்கி விடுமுறை, நமக்கு வேலைநாள். வட்டி நாள் விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலைநாளுக்குத் தள்ளிப்போகும், ஆனால் அதற்கடுத்த தவணைகளின் தேதிகள் மாறுவதில்லை. எனவே 20-ஆம் தேதி பணம் வந்தாலும், அடுத்த தவணை மே 19-ஆம் தேதியே. 2027 பிப்ரவரி 19 வெள்ளிக்கிழமையாக இருப்பதால் அந்தத் தவணை சனி, ஞாயிறு இரண்டையும் கடந்து 22-ஆம் தேதி திங்கட்கிழமைதான் வரும். அந்த வாரக் கடைசியில் கட்டவேண்டிய பணம் ஏதும் இருந்தால் இதை நம்பி இருக்கவேண்டாம். இதற்கு நேர்மாறாக, ஜனவரி 16 திருவள்ளுவர் தினம் போன்ற நம்மூர் விடுமுறை நாள் மும்பையில் வேலைநாளாக இருந்தால், பணம் அனுப்பப்படுவதற்கு அது தடையாகாது. அசல் திரும்பும் இறுதி நாளுக்கு மட்டும் விதி வேறு: அது விடுமுறையில் விழுந்தால் பணம் முந்தைய வேலைநாளிலேயே வந்துவிடும், வட்டியும் அந்த நாள் வரைக்கும்தான். தங்கள் பத்திரம் முடியும் 2027 நவம்பர் 19 வெள்ளிக்கிழமை என்பதால் இப்போதைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இனி தொகைகள். மங்கலான படத்தில் எண்களைக் கண்ணால் மட்டும் பார்த்து எழுதினால் தவறு நேரும். தங்கள் படத்தின் இரண்டாவது வரிசையில் வட்டி 2,340.82 என்றும் தெரிகிறது, 2,840.82 என்றும் தெரிகிறது. 3-உம் 8-உம் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன. படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் இது தெளியாது. தெளிவாக்குவது பக்கத்திலிருக்கும் 'நாட்கள்' என்ற பத்திதான். ஒரு லட்சத்துக்கு 9.60 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 9,600 ரூபாய். அதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாள் வட்டி 26 ரூபாய் 30 காசு, இன்னும் நுட்பமாக 26.30137. பிப்ரவரி 19 முதல் மே 18 முடிய 89 நாட்கள். பெருக்கினால் 2,340.82 வருகிறது, ஆகவே அந்த எழுத்து 3 தான். விரிதாளில் (எக்செல் அல்லது கூகுள் ஷீட்) நாட்களை B பத்தியில் எழுதி, இந்தச் சூத்திரத்தைப் பக்கத்தில் போட்டால் முதல் நான்கு வரிசைகளும் ஒரு நொடியில் சரிபார்க்கப்படும், பாதி அசல் திரும்பியபின் வரும் ஐந்தாவது வரிசையிலிருந்து 100000 இருக்கும் இடத்தில் 50000 போடவேண்டும்:

```
=ROUND(100000*9.6%*B2/365,2)
```

நாட்கள் எண்ணே மங்கியிருந்தால், மூன்றாவது தேதியிலிருந்து முதல் தேதியைக் கழித்து அதையும் பெறலாம். முதல் நான்கு தவணைகளின் நாட்கள் முறையே 92, 89, 92, 92, கூட்டினால் 365. கூட்டுத்தொகை 365 வராவிட்டால் எங்கோ ஒரு தேதி தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது. இந்தப் படத்தில் எல்லாத் தேதிகளிலும் நாள் 12-க்கு மேல் இருப்பதால் நாள் எது, மாதம் எது என்ற ஐயம் எழவில்லை. 05-08 போன்ற தேதி வந்திருந்தால் ஆகஸ்ட் 5-ஆ, மே 8-ஆ என்பதைத் தீர்க்கவும் நாட்கள் பத்தியே உதவியிருக்கும். எல்லாத் தவணையும் காசு பிசகாமல் ஒரே தொகையாக இருக்கும் பத்திரங்களும் உண்டு. மத்திய அரசின் கடன் பத்திரங்கள் அப்படித்தான்: மாதத்துக்கு 30 நாள், ஆண்டுக்கு 360 நாள் என்ற கணக்கு. அவற்றுக்கு மேற்சொன்ன சூத்திரம் பொருந்தாது.

அடுத்து, நான்காவது வரிசையில் மொத்தம் 52,419.73 என்று இருப்பதைப் பார்த்து அந்தத் தவணையில் பெரிய வட்டி வருகிறது என்று எண்ணவேண்டாம். அதில் 50,000 தங்கள் சொந்த அசல். அசலில் பாதி 2026 நவம்பர் 19-லேயே திரும்பிவிடுகிறது. பத்திரம் விற்பவர்கள் இதைச் சொல்ல மறப்பது வழக்கம், 'இரண்டாண்டுக்கு 9.60 சதவீதம்' என்று மட்டும் சொல்வார்கள். பாதி அசல் போனபின் ஐந்தாவது தவணையிலிருந்து வட்டியும் பாதியாகக் குறைகிறது. திரும்பிய 1,50,000 ரூபாயை வேறெங்கும் வைக்காவிட்டால், தங்கள் ஆண்டு வருமானம் 2027-இல் சரிபாதியாகிவிடும். அசலை நாட்காட்டியில் வேறு நிற மையில் எழுதும்படி நான் சொல்வது இதனால்தான்.

படத்திலுள்ள தொகைகள் ஒரு பத்திரத்துக்கானவை. சில தரகர்கள் வாங்கிய எண்ணிக்கைக்கே பெருக்கி அனுப்புவதுண்டு. முதல் வரிசையின் வட்டி ஒரு நாள் வட்டியின் 92 மடங்கா, 276 மடங்கா என்று பார்த்தால் தெரிந்துவிடும். தங்களுடையது 92 மடங்கு. ஆகவே மூன்று பத்திரத்துக்கு, வரிப்பிடித்தத்துக்கு முன், தங்கள் நாட்காட்டி இப்படி அமையும்:

2026 பிப்ரவரி 20: வட்டி ரூ.7,259.19
2026 மே 19: வட்டி ரூ.7,022.46
2026 ஆகஸ்ட் 19: வட்டி ரூ.7,259.19
2026 நவம்பர் 19: வட்டி ரூ.7,259.19, அசல் ரூ.1,50,000
2027 பிப்ரவரி 22: வட்டி ரூ.3,629.58
2027 மே 19: வட்டி ரூ.3,511.23
2027 ஆகஸ்ட் 19: வட்டி ரூ.3,629.58
2027 நவம்பர் 19: வட்டி ரூ.3,629.58, அசல் ரூ.1,50,000

முதல் வரியைப் பற்றி ஒரு சொல். தாங்கள் ஜனவரி 9-இல்தான் வாங்கினீர்கள், ஆனாலும் நவம்பர் 19 முதலான முழு வட்டியும் தங்களுக்கே வரும். ஏனெனில் உரிய நாளுக்கு 15 நாள் முந்தைய பதிவு நாளான பிப்ரவரி 4 அன்று பத்திரம் தங்கள் டிமேட் கணக்கில் இருக்கும். இதைக் கண்டு மகிழ்வதற்குமுன், வாங்கிய ரசீதை எடுத்துப் பாருங்கள். விற்றவர் வைத்திருந்த 51 நாட்களுக்கான வட்டியாக, பத்திரத்துக்கு 1,341.37 வீதம் ரூ.4,024.11 விலையோடு சேர்த்து வாங்கப்பட்டிருக்கும். 7,259.19-இல் அதைக் கழித்தால் மிஞ்சும் ரூ.3,235.08 தான் தங்கள் 41 நாள் வருமானம். அசலையும் வரிப்பிடித்தத்தையும் விட்டுப் பார்த்தால், வங்கியில் வந்து விழும் தொகையும் தாங்கள் ஈட்டிய தொகையும் வேறுபடும் இடம் இது ஒன்றுதான். அடுத்த தவணையிலிருந்து இரண்டும் ஒன்றே.

வரிப்பிடித்தம் எந்த அட்டவணையிலும் இருக்காது. பட்டியலிடப்பட்ட பத்திரங்களின் வட்டிக்கும் 2023 ஏப்ரல் முதல் 10 சதவீத டிடிஎஸ் உண்டு. ஒரு நிறுவனத்திடமிருந்து ஒரு நிதியாண்டில் பெறும் வட்டி 10,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் பிடிக்கமாட்டார்கள். 2026 மார்ச்சுக்குள் தங்களுக்கு ஒரே தவணைதான், அது வரம்புக்குள் இருக்கிறது. அடுத்த நிதியாண்டில் நான்கு தவணைகளும் சேர்ந்து ரூ.25,170.42 ஆவதால், மே மாதத் தவணையிலிருந்தே 702 ரூபாய் குறைத்து 6,320 ரூபாய் வருமென எதிர்பார்ப்பது நல்லது. குறைந்த தொகையைப் பார்த்து நிறுவனம் வட்டியைக் குறைத்துவிட்டதாகப் பதறவேண்டாம். பிடித்த வரி தங்கள் வருமான வரிக் கணக்கில் வரவாகி, வரி கட்டவேண்டாதவராயின் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

கடைசியாக, படம் தங்கள் பத்திரத்துக்கு உரியதுதானா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரே நிறுவனம் ஒரே வட்டியில் பல வரிசைப் பத்திரங்களை வெளியிடுவதுண்டு. படத்தின் மேற்புறத்திலுள்ள ஐஎஸ்ஐஎன் எண், INE என்று தொடங்கும் 12 எழுத்துகள், டிமேட் அறிக்கையில் உள்ளதோடு ஓர் எழுத்துகூட மாறாமல் பொருந்தவேண்டும். அதே எண்ணை என்எஸ்டிஎல் நடத்தும் இந்தியா பாண்டு இன்ஃபோ தளத்தில் இட்டால் பத்திரத்தின் விவரங்கள் கிடைக்கும். அவற்றோடு ஒப்பிட்டபின் வாட்ஸ்அப் படம் தேவையில்லை. பணம் தாங்கள் பத்திரம் வாங்கப் பயன்படுத்திய கணக்குக்கு வராது, டிமேட்டில் பதிவாகியுள்ள வங்கிக் கணக்குக்கே வரும். குறித்த நாளுக்குப் பின் இரண்டு மூன்று வேலைநாள் கடந்தும் வராவிட்டால், முதலில் அந்தக் கணக்கையும், பிறகு வெளியீட்டு ஆவணத்தில் பெயர் தரப்பட்டுள்ள பதிவாளரையும், அதன்பின் கடன் பத்திர அறங்காவலரையும் அணுகவேண்டும்.