முட்டைகூடத் தொடாதவருக்கு எசெட்டிமைப் எதற்கு?

கேள்வி: வயது 58, ஊர் அம்பாசமுத்திரம். போன வருஷம் ஸ்டென்ட் வைத்தார்கள். அட்டோர்வாஸ்டாட்டின் 40 போட்டும் எல்டிஎல் 84-லேயே நிற்கிறது. டாக்டர் 70-க்குக் கீழே வர வேண்டும் என்று எசெட்டிமைப் 10 சேர்த்திருக்கிறார், குடலில் கொலஸ்ட்ரால் சேராமல் தடுக்குமாம். நான் முட்டைகூடத் தொடாத சைவம். என்னிடம் அது எதைத் தடுக்கும்? பழைய மாத்திரையையே 80 ஆக்கினால் போதாதா?

பதில்: அண்ணாச்சி, குடலுக்குள் தினமும் வந்து விழும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு இலையிலிருந்து வருவதே இல்லை, உங்கள் ஈரலிலிருந்து வருகிறது. பித்தநீரோடு சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 கிராம் குடலில் இறங்குகிறது. கறி, முட்டை சாப்பிடுகிறவருக்கும் சாப்பாட்டில் வருவது அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். இறங்கியதில் பாதியளவு சிறுகுடல் வழியாகத் திரும்ப உள்ளே போய்விடும். அப்படிப் போகும் வாசலைத்தான் எசெட்டிமைப் அடைக்கிறது. ஈரலுக்குத் திரும்பி வருவது குறைந்ததும், தன் தேவைக்கு அது ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை அதிகமாக இழுத்துக்கொள்கிறது, அதனால் ரிப்போர்ட்டில் எண் இறங்குகிறது. ஆக, சைவம் சாப்பிடுகிறவரிடமும் இந்த மாத்திரைக்கு வேலை உண்டு.

சரி, 80 ஆக்கினால் என்ன ஆகும்? ஸ்டாட்டின் ஈரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கிறது, ஆனால் அதன் பலனில் பெரும்பகுதி முதல் அளவிலேயே கிடைத்துவிடும். அதன்பிறகு அளவை ஒவ்வொரு முறை இரட்டிப்பாக்கினாலும் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 6 சதவீதம்தான். உற்பத்தி குறையக் குறையக் குடல் கொஞ்சம் அதிகமாக உறிஞ்சி ஈடுகட்டப் பார்ப்பதும் இதில் சேரும். உங்கள் 84, 80 மில்லிகிராமில் 75-லிருந்து 79-க்குள் வரும், தசைவலிக்கான வாய்ப்பும் கூடும். அதே 40-ஓடு எசெட்டிமைப் 10 சேர்த்தால் இருக்கிற எண்ணில் இன்னும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும், அதாவது 65, 66 பக்கம். உங்கள் டாக்டர் சொன்ன 70-க்குக் கீழே இதில் வந்துவிடலாம். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 55-க்குக் கீழே வேண்டும் என்று இப்போது பலர் பார்க்கிறோம். அதற்கு இது போதாமல் போகலாம், 80 ஆக்குவதை அப்போது யோசிக்கலாம்.

எண் குறைந்தால் மாரடைப்பும் குறையுமா என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. 2015-ல் வெளியான ஆய்வு ஒன்றில், மாரடைப்போ அதை ஒட்டிய நெஞ்சுவலியோ வந்த சுமார் 18,000 பேரில் பாதிப் பேருக்கு ஸ்டாட்டினோடு இதையும் கொடுத்தார்கள். 7 வருஷக் கணக்கில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 100-க்கு 34.7-லிருந்து 32.7 ஆனது. அதாவது நூறு பேரில் இரண்டு பேர் தப்பினார்கள். பெரிய மாயம் இல்லை, ஆனாலும் ஒரு தடவை ஸ்டென்ட் வைத்தவருக்கு அந்த இரண்டு பேரில் ஒருவராக இருப்பது சின்ன விஷயம் இல்லை.

அதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். ஸ்டாட்டின் ஆரம்பிப்பதற்கு முந்தைய ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். 40 மில்லிகிராம் ஒழுங்காகப் போட்டால் எல்டிஎல் ஏறக்குறைய பாதியாக வேண்டும். அப்போது 160, 165 இருந்திருந்தால் மாத்திரை தன் வேலையைச் செய்திருக்கிறது, துணைக்கு எசெட்டிமைப் சேர்ப்பதுதான் சரி. அப்போதே 115தான் என்றால், வாரத்தில் சில நாள் மாத்திரை விட்டுப்போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், தைராய்டு டெஸ்டும் எடுக்க வேண்டும்.

என்னிடம் வந்த ஒருவர், புது மாத்திரை வந்துவிட்டதே என்று பழையதை நிறுத்திவிட்டார். 160-லிருந்து 80-க்கு வந்திருந்தது ஆறு வாரத்தில் 130 ஆகிவிட்டது. எசெட்டிமைப் தனியாக ஐந்தில் ஒரு பங்கைக்கூட முழுசாகக் குறைக்காது. இன்னொரு தப்பு, இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரையாக எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பழைய ஸ்டாட்டினையும் கூடவே போடுவது, அப்போது ஸ்டாட்டின் இரட்டிப்பாகிவிடும். அட்டையின் பின்னால் என்னென்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று மருந்துக்கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எசெட்டிமைப்பைச் சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ எந்த நேரத்திலும் போடலாம், தினமும் ஒரே நேரமாக இருந்தால் மறக்காது. சிலருக்கு லேசான வயிற்றுப்போக்கு வரும். ஈரல் நோய் இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். தசைவலி பலமாகி, சிறுநீர் கருத்துப் போனால் அன்றைக்கே போய்ப் பாருங்கள்.

அப்புறம் நம்மூர்ச் சொதி. தேங்காய்ப்பாலில் கொலஸ்ட்ரால் கிடையாது, ஆனால் அதிலுள்ள நிறைகொழுப்பு எல்டிஎல்லை ஏற்றும், அதை எசெட்டிமைப் தடுக்காது. மறுவீட்டு விருந்தில் சாப்பிடுங்கள், வாராவாரம் வேண்டாம். ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்து, பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் சேர்த்து உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.