பழைய வங்கிக் கணக்கை மூடும் முன் ஆட்டோபேக்களை எப்படி மாற்றுவது?

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கிறேன். கம்பெனி மாறியதால் சம்பளம் இந்த மாதத்திலிருந்து வேறு பேங்கில் விழுகிறது. பழைய அக்கவுன்ட்டிலிருந்து மாதம் 5-ஆம் தேதி வீட்டு லோன் 38,400 ரூபாய் போகிறது. ரெண்டு மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி., ஓ.டி.டி., பெஸ்காம் கரன்ட் பில் எல்லாம் அதில்தான் ஆட்டோபே. நேராகப் போய் அக்கவுன்ட்டை குளோஸ் செய்துவிட்டால், புது அக்கவுன்ட்டுக்கு இதெல்லாம் தானாக மாறிவிடுமா? எதை முதலில் செய்ய வேண்டும்?

பதில்: எதுவும் தானாக மாறாது. தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்திருக்கும் 'மேண்டேட்' என்கிற ஒவ்வொரு அனுமதியும் அந்தக் கணக்கு எண்ணோடு கட்டப்பட்டது. பெயரும் பான் எண்ணும் ஒன்றாக இருந்தாலும் புதுக் கணக்கு பணம் எடுக்கும் நிறுவனங்களுக்கு முன்பின் தெரியாத கணக்குதான். மூடிய பிறகு 5-ஆம் தேதி லோன் கம்பெனி பணம் கேட்டால், 'கணக்கு மூடப்பட்டது' என்ற காரணத்தோடு அது திரும்பும். பணம் இல்லாமல் திரும்பினால் என்ன விளைவோ அதேதான் இதற்கும்: பவுன்ஸ் கட்டணம், தாமத வட்டி, கிரெடிட் ரிப்போர்ட்டில் ஒரு கறை. ஆகவே மூடுவதைக் கடைசி வேலையாக வையுங்கள். அதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும்.

முதலில் எது எது போகிறது என்ற பட்டியல் வேண்டும். ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள், கட்டாயம் ஒன்று விட்டுப்போகும். பழைய பேங்கின் நெட்பேங்கிங்கில் 13 மாத ஸ்டேட்மென்ட்டை எக்செல் வடிவில் இறக்குங்கள். 12 மாதம் எடுத்தால், வருடத்துக்கு ஒருமுறை போகிற பணம் ஓரிரு நாள் வித்தியாசத்தில் கண்ணில் படாமல் போகும். விவரப் பத்தியில் `ACH D`, `NACH`, `ECS`, `SI`, `MANDATE` என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். `ACH` அல்லது `NACH` என்று வந்தால் அது வங்கிகளுக்கு இடையே பணம் நகர்த்தும் அமைப்பான என்.பி.சி.ஐ. வழியாக வெளி நிறுவனம் எடுப்பது, லோனும் எஸ்.ஐ.பி.யும் பெரும்பாலும் இப்படித்தான் போகும். `SI` என்பது பேங்க் தனக்குள்ளேயே செய்துகொள்ளும் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன். ஆர்.டி., லாக்கர் வாடகை, அதே பேங்கின் கிரெடிட் கார்டு பில் ஆகியவை அதில் இருக்கலாம்.

மே கடைசி வாரத்தைத் தனியாகப் பாருங்கள். 436 ரூபாயோ 20 ரூபாயோ போயிருந்தால் அவை பிரதமர் பெயரிலான ஜீவன் ஜோதி, சுரக்‌ஷா காப்பீடுகள். கணக்கு திறக்கும்போது கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்தவர்கள் ஏராளம். கணக்கை மூடினால் அந்தக் காப்பீடும் அதோடு முடிந்துவிடும். வேண்டுமென்றால் புது பேங்கில் சேர்ந்துகொள்ள வேண்டும்.

டெபிட் கார்டு எண்ணைக் கொடுத்துச் சந்தா கட்டுகிற ஓ.டி.டி., கிளவுட் சேமிப்பு போன்றவற்றைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி, போனின் மெசேஜ் பெட்டி. கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் முன் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்.எம்.எஸ்.களையும் மெயில்களையும் தேடினாலே பாதிப் பட்டியல் கிடைத்துவிடும்.

இனி வீட்டு லோன். இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. லோன் கம்பெனியில் இந்த வேலைக்கு 'ரீபேமென்ட் ஸ்வாப்' அல்லது 'மேண்டேட் ஸ்வாப்' என்று பெயர். கஸ்டமர் கேரில் 'அக்கவுன்ட் மாற்ற வேண்டும்' என்று சொன்னால் உங்கள் முகவரி மாற்றும் பகுதிக்குக்கூட அனுப்பிவிடுவார்கள்; 'ஸ்வாப்' என்றால் உடனே புரியும். சில இடங்களில் இதற்குச் சில நூறு ரூபாய் கட்டணம் உண்டு.

இது அக்டோபர் என்று வைத்துக்கொள்வோம். 5-ஆம் தேதித் தவணை பழைய கணக்கில் போய் முடியட்டும். 6-ஆம் தேதியே ஸ்வாப் கோரிக்கையைக் கொடுங்கள். ஏன் அவ்வளவு சீக்கிரம்? அடுத்த மாதம் யாரிடம் எவ்வளவு எடுக்க வேண்டும் என்ற பட்டியலைக் கம்பெனி தவணை நாளுக்குப் பல நாட்கள் முன்பே தயாரித்துவிடும். அதற்குப் பிறகு வருகிற மாற்றம் அதற்கடுத்த மாதத்துக்குத்தான். நெட்பேங்கிங் அல்லது டெபிட் கார்டு மூலம் பதிகிற இ-மேண்டேட் சில நாட்களில் ஏற்கப்பட்டுவிடும். காகிதப் படிவம் என்றால் இரண்டு மூன்று வாரம் ஆகலாம். புது பேங்கில் இருக்கும் கையெழுத்தோடு படிவத்தின் கையெழுத்து ஒத்துப்போகாவிட்டால் திரும்பி வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். புதுக் கணக்கு இருவர் பெயரில் இருந்து, 'இருவரும் சேர்ந்தே இயக்க வேண்டும்' என்று பதிவாகியிருந்தால் ஆன்லைன் பதிவு ஒத்துவராது. காகிதத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும்.

பதியும்போது திரையில் உச்சவரம்பு என்று ஒரு தொகை வரும். அது உங்கள் தவணை அல்ல, அவர்கள் ஒருமுறைக்கு எடுக்கக்கூடிய அதிகபட்சம். 38,400 தவணைக்கு 50,000 என்றோ அதற்கு மேலோ காட்டினால் பதறாதீர்கள். வட்டி ஏறித் தவணை கூடினால் மேண்டேட் செல்லாமல் போகக் கூடாது என்பதற்காக வைப்பது அது. சரியாக 38,400 என்று வைத்தால்தான் பின்னால் தொல்லை.

ஏற்கப்பட்டதும் `UMRN` என்ற 20 எழுத்து-எண் கொண்ட அடையாளம் கிடைக்கும். அதைக் குறித்துவையுங்கள். கூடவே ஒரு விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: 'நவம்பர் 5 தவணை எந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்படும்?' மேண்டேட் பதிவானது வேறு, லோன் கணக்கில் அது இணைக்கப்பட்டது வேறு. புது மேண்டேட் பேங்கில் செல்லுபடியாகி இருக்கும், லோன் கம்பெனியின் கணினியோ பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். பல பவுன்ஸ்கள் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

அதனால் என்ன பதில் வந்தாலும் நவம்பர் 4 மாலைக்குள் இரண்டு கணக்கிலும் தவணைத் தொகை இருக்கட்டும். ஒரு மாதத்துக்கு 38,400 கூடுதலாக முடங்கும்தான். ஆனால் பவுன்ஸுக்கு இருபக்கமும் கட்டுகிற தண்டத்தைவிட இது மேல். 5-ஆம் தேதி ஞாயிறாக இருந்தால் திங்கட்கிழமை எடுப்பார்கள் என்று நம்ப வேண்டாம். 2021 ஆகஸ்ட் 1 முதல் `NACH` வாரத்தின் எல்லா நாளும் இயங்குகிறது. நவம்பர் தவணை புதுக் கணக்கில் போனால் டிசம்பர் 5-ஐயும் பார்த்துவிடுங்கள். இரண்டு முறை ஒழுங்காகப் போன பிறகு பழைய மேண்டேட்டை ரத்து செய்யலாம். நவம்பரில் பழைய கணக்கிலேயே போயிருந்தால் எல்லாம் ஒரு மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

ரத்து செய்வதிலும் வரிசை உண்டு. முதலில் லோன் கம்பெனி பழையதை விட்டுவிட்டதென்று உறுதியாக வேண்டும். அதன் பிறகே பழைய பேங்கில் `UMRN` கொடுத்து ரத்து செய்யுங்கள். தலைகீழாகச் செய்தால் கம்பெனி பழையதை நீட்டும், பேங்க் திருப்பி அனுப்பும், அதுவும் பவுன்ஸ்தான்.

இன்னொன்று, யாரும் சொல்லித்தராதது. லோன் வாங்கும்போது பாதுகாப்புக்கென்று தேதி போடாத சில காசோலைகளைக் கையெழுத்திட்டுக் கொடுத்திருப்பீர்கள். அவை பழைய கணக்கின் காசோலைகள். புதுக் கணக்கின் காசோலைகளைக் கொடுத்துவிட்டு அவற்றைத் திரும்ப வாங்குங்கள். மூடிய கணக்கின் காசோலை திரும்பினாலும் செக் பவுன்ஸ் சட்டம் பொருந்தும்.

எஸ்.ஐ.பி.யில் ஆபத்து வேறு மாதிரி. புது கணக்கில் புதிதாக எஸ்.ஐ.பி. போட்டுவிட்டுப் பழையதை நிறுத்தாமல் விட்டால் இரண்டும் ஓடும், மாதம் இரட்டைப் பணம் போகும். உங்கள் ஆப்பில் ஓடுகிற எஸ்.ஐ.பி.க்கு மேண்டேட்டை மட்டும் மாற்றும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்; இல்லாவிட்டால் பழையதை ரத்து செய்து புதிதாகப் போடுங்கள். ஒரு மாதம் விட்டுப்போனால் ஃபண்டில் பெரிய நஷ்டமில்லை. தொடர்ந்து மூன்று தவணை விட்டுப்போனால்தான் எஸ்.ஐ.பி.யே ரத்தாகும். ஆனால் யூனிட்டை விற்றால் வருகிற பணம், ஃபண்ட் ஃபோலியோவில் பதிவான பேங்க் கணக்குக்குத்தான் போகும். எஸ்.ஐ.பி. மேண்டேட்டை மாற்றினால் இது மாறாது. தனியாக மாற்ற வேண்டும். அதற்குப் பழைய, புது இரண்டு கணக்குக்கும் சான்று கேட்பார்கள். பழைய கணக்கு உயிரோடு இருக்கும்போது ஒரு கேன்சல் செய்த செக் போதும். மூடிய பிறகு சான்றுக்கு அலைய வேண்டியிருக்கும்.

யு.பி.ஐ. ஆட்டோபே சுலபம். ஆப்பின் ஆட்டோபே பகுதியில் எல்லாம் வரிசையாக இருக்கும். நீங்கள் இரண்டு மூன்று யு.பி.ஐ. ஆப் வைத்திருந்தால் எல்லாவற்றிலும் பாருங்கள். பழையதை ரத்து செய்து, சேவையின் ஆப்பில் பணம் கட்டும் முறையை மாற்றி, புதுக் கணக்கில் மறுபடி அனுமதி கொடுப்பதே நிச்சயமான வழி. பெஸ்காம் பில்லை எந்த ஆப்பிலோ பேங்கிலோ ஆட்டோபே போட்டீர்களோ அங்கேயே எடுத்துவிட வேண்டும். பில் தேதி கழிந்த மறுநாள் செய்தால் இடையில் எதுவும் மாட்டாது.

பழைய பேங்கிலேயே கிரெடிட் கார்டு இருக்கிறதா? சேமிப்புக் கணக்கை மூடினாலும் கார்டு உயிரோடு இருக்கும், பில்லும் வரும். தானாகக் கழிவதுதான் நின்றிருக்கும். அதைப் புதுக் கணக்கின் மேண்டேட்டுக்கு மாற்றாமல் மூடாதீர்கள்.

இந்த இரண்டு மாதமும் பழைய கணக்கு சம்பளக் கணக்காக நீடிக்காது என்பதையும் கவனியுங்கள். சம்பளம் வருவது நின்று சில மாதத்தில் அது சாதாரணக் கணக்காகி, குறைந்தபட்ச இருப்பு கேட்க ஆரம்பிக்கும். இருப்புக் குறைவுக்கான அபராதத்தால் மட்டும் கணக்கை மைனஸுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஆனால் கணக்கில் இருக்கும் பணத்தை அபராதம் தின்றுவிட்டால் தவணைக்கு வைத்த தொகையில் குறை விழும். சில நூறு ரூபாய் கூடுதலாகவே வையுங்கள்.

மூடப் போகிற நாளுக்கு முன் நெட்பேங்கிங்கில் ஸ்டேட்மென்ட்களையும் நடப்பு நிதியாண்டின் வட்டிச் சான்றையும் இறக்கி வையுங்கள். மூடியதும் லாகின் போய்விடும். வருமான வரி தளத்தில் ரீஃபண்டுக்குப் புதுக் கணக்கை உறுதிசெய்துவிடுங்கள். கேஸ் மானியம் போன்றவை ஆதாரோடு இணைத்த கணக்கில்தான் விழும், ஆகவே அந்த இணைப்பைப் புது பேங்குக்கு மாற்றுங்கள். பிறகு மிச்சமுள்ள செக் லீஃப்கள், டெபிட் கார்டு, பாஸ்புக் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள். கணக்கு திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லையென்றால் மூடும் கட்டணம் இருக்கிறதா என்று படிவம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். மூடியதற்கு அத்தாட்சியாக ஒரு கடிதமோ மெயிலோ வாங்காமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள்.