வரைபடத்தில் முத்திரை வைத்தால் என்ன பொறுப்பு?

"அமெரிக்காவில் எஃப்.இ. தேர்வில் தேறிவிட்டேன். வரைபடத்தில் கையெழுத்திட பி.இ. எனும் தொழில்முறைப் பொறியாளர் உரிமம் ஏன் வேண்டும்?"

எஃப்.இ. அடிப்படை அறிவை மட்டும் சோதிக்கிறது. அப்புறம் பொதுவாக, உரிமம் பெற்ற பொறியாளரின் கீழ் 4 ஆண்டு அனுபவமும் பி.இ. தேர்வும் வேண்டும். முடிவெடுத்து அதற்குப் பொறுப்பேற்க அந்த ஆண்டுகளில்தான் பழகுகிறோம்.

1981-இல் மிசூரி மாநிலத்தின் கான்சஸ் சிட்டியில் ஹயாட் ஹோட்டலில் நடந்ததைப் பாருங்கள். மேல், கீழ் நடைபாலங்கள் இரண்டும் துண்டுபடாத முழு நீளக் கம்பிகளில் தொங்க வேண்டும் என்பது முதல் வடிவமைப்பு. தயாரிப்பின்போது ஒவ்வொரு கம்பியையும் இரண்டாகப் பிரித்தார்கள். அதனால் கீழ்ப்பாலம் மேல்பாலத்தின் உத்திரத்திலேயே தொங்கியது. அங்குள்ள நட்டு தாங்கவேண்டிய சுமை இரட்டிப்பானது. யாரும் மறுபடி கணக்குப் போடவில்லை. ஆனால் தயாரிப்புக்கான பட்டறை வரைபடத்தில் பொறியாளரின் முத்திரை இருந்தது. பாலங்கள் இடிந்து 114 பேர் இறந்தார்கள். இணைப்பை வடிவமைப்பது தயாரிப்பாளர் வேலை என்ற பொறியாளர் தரப்பு வாதம் எடுபடவில்லை. மிசூரியில் இரு பொறியாளர்களின் உரிமம் பறிபோனது.