சேஞ்ச் ரிக்குவெஸ்ட்: அனுமதிப்பவர் கேள்வி கேட்காமல் கையெழுத்திட என்ன எழுத வேண்டும்?

"செம்பனை ஆலையில் லோரி எடைமேடையின் மென்பொருளை மாற்றணும். சேஞ்ச் ரிக்குவெஸ்ட் திரும்பத் திரும்ப வந்துடுது. எப்படி எழுதுறது?"

ஓடிக்கொண்டிருக்கும் கணினி அமைப்பில் கை வைக்குமுன் எழுத்தில் கேட்கும் அனுமதிதான் சேஞ்ச் ரிக்குவெஸ்ட். லயத்தில் தண்ணீர் நிறுத்தும் அறிவிப்பு மாதிரி: ஏன், எந்த வரிசைக்கு, எத்தனை மணிவரை, பிறகும் வராவிட்டால் என்ன வழி. கையெழுத்திடுபவருக்குக் கணினி தெரியாமல் இருக்கலாம். ஏதாவது ஆனால் பதில் சொல்லப்போவது அவர்தான்.

"மென்பொருள் பழையது" என்பது காரணமல்ல. "இந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன" என்பது காரணம். தாக்கத்தையும் ஆலை மொழியிலேயே சொல்லுங்கள்: "சர்வர் நிற்கும்" என்பதைவிட "குலை லோரிகளுக்கு எடைச்சீட்டு அச்சாகாது, கிராணி கையால் எழுதுவார்" என்பது உடனே புரியும். குலை காத்துக் கிடந்தால் எண்ணெயில் தனிக் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் குறையும். அதனால் லோரி வராத நேரமே சரி.

பெரும்பாலும் திரும்பி வருவது ரோல்பேக் பகுதியால்தான், அதாவது மாற்றம் சரிவராவிட்டால் பழைய நிலைக்கு எப்படித் திரும்புவோம் என்று சொல்லும் பகுதி. இப்படி எழுதலாம்: "ஞாயிறு இரவு 8 முதல் 11 வரை. பழைய பதிப்பையும் தரவையும் மீட்க 40 நிமிடம், சோதனைச் சீட்டு எடுத்துச் சரிபார்க்க 20 நிமிடம். எனவே 10 மணிக்குள் புதிய பதிப்பில் சீட்டு சரியாக வராவிட்டால் பின்வாங்குவோம். முடிவு ஆலை மேலாளருடையது." அந்த 40 நிமிடம் ஊகமாக இருக்கக்கூடாது, வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்து அளந்ததாக இருக்க வேண்டும்.

பேக்கப் இருந்தாலே ரோல்பேக் திட்டம் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். யார், எந்த நிலையில், எத்தனை மணிக்கு மீட்பார் என்று எழுதாதவரை அது ஒரு கோப்பு மட்டுமே.